சம்பள உயர்வு கேட்டு மின்னஞ்சல்: வேலையின் விளைவுகளைச் சான்றாக வைத்து எழுதும் முறை

சம்பள உயர்வோ பதவி உயர்வோ கேட்டு நீங்கள் எழுதும் மின்னஞ்சல், பெயருக்குத்தான் உங்கள் மேலாளருக்கு எழுதப்படுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் நேரடி மேலாளருக்குப் பரிந்துரை செய்யும் அதிகாரம் மட்டுமே இருக்கும்; பணம் ஒதுக்கும் முடிவை அவருக்கு மேலே இருப்பவரும் நிதித் துறையும் மனிதவளத் துறையும் சேர்ந்து எடுப்பார்கள். அவர்களில் பலர் உங்களை நேரில் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். மேலாளர் செய்யக்கூடியதெல்லாம் உங்கள் மின்னஞ்சலை அப்படியே அனுப்பிவைப்பதோ, அதிலிருந்து மூன்று நான்கு வரிகளை எடுத்துத் தன் பரிந்துரைப் படிவத்தில் ஒட்டுவதோதான். ஆகவே உங்களைத் தெரியாத ஒருவர் படித்தாலும், வேறு எவரிடமும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும்படி அது அமைய வேண்டும்.

தேவையை முன்வைக்கும் கோரிக்கை தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம். வீட்டு வாடகை கூடிவிட்டது, கடன் தவணை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறிவிட்டது என்பவை யாவும் உண்மையாக இருக்கலாம். மேலாளருக்கு இரக்கமும் வரலாம். ஆனால் அந்த வரிகளை அவரால் மேலே கொண்டுபோக முடியாது. அதைவிடப் பெரிய தேவையுள்ள ஒருவர் அடுத்த இருக்கையிலேயே இருப்பார் என்ற பதில் நிதித் துறையிடம் எப்போதும் தயாராக இருக்கும். விலைவாசி உயர்வைக் காட்டினால், அது எல்லோருக்கும் பொது என்பதால் ஆண்டுதோறும் தரப்படும் பொதுவான இன்க்ரிமென்டையே பதிலாகக் காட்டிவிடுவார்கள். சக ஊழியரின் சம்பளத்தை ஒப்பிட்டு எழுதினாலோ, பேச்சு உங்கள் வேலையை விட்டு அந்த ஊழியரைப் பற்றியதாக மாறிவிடும்.

விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கு எண்கள் கையிலேயே இருக்கும். அலுவலகத்தின் உட்புறத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் ‘என் வேலைக்கு ஏது கணக்கு’ என்ற தயக்கம் வருகிறது. அதனால் அப்படி ஒருவரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இவர் கற்பனையான ஒரு பணியாளர். நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்க அனுப்பும் வேலையைச் செய்கிறார். பதவி இளநிலைக் கணக்காளர். மூத்த கணக்காளர் பதவியைக் கேட்க விரும்புகிறார்.

முதல் படி: கேட்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சம்பள உயர்வும் பதவி உயர்வும் ஒரே கோரிக்கைபோலத் தோன்றினாலும், இரண்டுக்கும் வேண்டிய சான்று வேறு. இப்போதுள்ள பதவியிலேயே சம்பளம் கூட வேண்டும் என்றால், அந்தப் பதவிக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட அதிக மதிப்புள்ள வேலையை நீங்கள் தருகிறீர்கள் என்பதையோ, இதே வேலைக்கு வெளியே கூடுதலாகத் தருகிறார்கள் என்பதையோ காட்ட வேண்டும். பதவி உயர்வு வேண்டும் என்றால், இப்போதைய வேலையை மிக நன்றாகச் செய்கிறேன் என்று காட்டுவது போதாது. மேல்பதவியின் வேலையை ஏற்கெனவே சில மாதங்களாகச் செய்துவருகிறேன் என்று காட்ட வேண்டும். இளநிலை வேலையைப் பிழையின்றிச் செய்பவரை அதே நாற்காலியில் வைத்திருக்கத்தான் எந்த மேலாளருக்கும் தோன்றும்.

உங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு பதவிக்கும் பொறுப்பு விவரம் எழுதப்பட்டிருந்தால், மனிதவளத் துறையிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். எழுதப்படவில்லை என்றால், அதே பதவிக்கு நிறுவனம் கடைசியாக ஆள் எடுத்தபோது வெளியிட்ட விளம்பரம் உதவும். நம் எடுத்துக்காட்டில், மூத்த கணக்காளருக்கான விவரம் மூன்று செய்திகளைச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: மாத இறுதிக் கணக்கை மேற்பார்வையின்றி முடிக்க வேண்டும், புதியவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், நடைமுறைகளை மேம்படுத்த வேண்டும். அவர் தேட வேண்டிய சான்றுகள் இந்த மூன்றுக்கும் பொருந்துபவை மட்டுமே. மூன்று ஆண்டு சேவை, இரவு வெகுநேரம் இருந்து வேலை பார்த்தது, அலுவலக விழாவை ஏற்பாடு செய்தது ஆகியவை வெளியே போய்விடுகின்றன. இவற்றை விடுவதற்கு மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் இரவு நெடுநேரம் இருந்ததைப் படிப்பவர், வேலையை நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: சான்றைத் திரட்டி, நீங்களே அதைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். மின்னஞ்சல் எழுத ஒரு மணி நேரம் போதும். சான்று திரட்ட ஓரிரு வாரங்களாவது ஆகும்.

நம் கணக்காளர் செய்த மாற்றம் சிறியதுதான். கொள்முதல் ஆணை எண் இல்லாமல் வரும் பில்கள் ஒப்புதலுக்குப் போய், அங்கிருந்து திரும்பிவந்து, மறுபடி சப்ளையரிடம் விளக்கம் கேட்கப்பட்டு அலைந்துகொண்டிருந்தன. ஏப்ரல் மாதம் முதல் அவர், பில் கைக்கு வந்த அன்றே அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றை ஒரே மாதிரியான சிறு கடிதத்துடன் அப்போதே சப்ளையருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். ‘இதனால் வேலை மிகவும் வேகமாகிவிட்டது’ என்று எழுதினால் அது கருத்து. அதைச் சான்றாக்க முதலில் வேண்டியது மாற்றத்துக்கு முந்தைய நிலை. பில் பதிவேட்டிலிருந்து அவர் எடுத்த கணக்குப்படி, ஜனவரி முதல் மார்ச் வரை ஒப்புதலிலிருந்து திரும்பி வந்தவை சராசரியாக மாதம் 92 பில்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 38.

இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். படிக்கும் நிதித் துறை அதிகாரியோ இங்கிருந்துதான் கேள்விகளைத் தொடங்குவார். முதல் கேள்வி, மொத்த பில்களே குறைந்துவிட்டனவா என்பது. அவர் பார்த்தபோது இரண்டு காலங்களிலும் மொத்த எண்ணிக்கை மாதம் 400-ஐ ஒட்டியே இருந்தது. ஆகவே அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இரண்டாவது கேள்வி, ஒப்பீட்டுக்கு எடுத்த காலம் வேண்டுமென்றே மோசமானதாகப் பொறுக்கப்பட்டதா என்பது. மிக மோசமான ஒரு மாதத்தை அடிப்படையாக வைத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் நிலைமை மேம்பட்டதாகவே தெரியும். மூன்று மாதச் சராசரியை எடுத்தது அதைத் தவிர்க்கிறது. ஆண்டு முடிவு, பண்டிகைக் காலம் போலப் பருவத்துக்குப் பருவம் மாறும் வேலையாக இருந்தால், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுவது இன்னும் பாதுகாப்பானது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: இந்தக் குறைவுக்கு வேறு காரணம் இருக்கிறதா? நம் எடுத்துக்காட்டில் இருக்கிறது. ஜூன் மாதம் நிறுவனம் புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறியது. கொள்முதல் ஆணை எண் இல்லாத பில்லை அது பதிவே செய்ய விடாது. அப்படியானால் 92-லிருந்து 38-க்கு வந்ததில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மென்பொருளுடையது? இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களைத் தனியே எடுத்துப் பார்க்கிறார். மென்பொருள் வருவதற்கு முந்தைய அந்த இரண்டு மாதங்களின் சராசரி 55. ஆக, 92-லிருந்து 55-க்கு வந்த 37 பில்கள் அவருடைய மாற்றத்தின் விளைவு. அதன்பின் குறைந்த 17 பில்களில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. அவர் 37-ஐ மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

இரண்டையும் சேர்த்து 54 என்று எழுதினால் பெரிதாகத் தெரியுமே என்று தோன்றலாம். ஆனால் மென்பொருள் மாறியது எல்லோருக்கும் தெரியும். படிப்பவருக்கு அது நினைவுக்கு வந்த நொடியில் 54 மட்டும் சாயாது, கூடவே மற்ற இரண்டு சான்றுகளின் மீதும் சந்தேகம் படியும். காரணத்தைப் பிரித்துக் காட்டி, சிறிய எண்ணை நீங்களே வைக்கும்போது கேள்வி கேட்பவருக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மூத்த கணக்காளர் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் கவனமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, 37 பில்கள் என்பதைக் கணக்குப் பிரிவுக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும் அலகுக்கு மாற்ற வேண்டும். திரும்பிவந்த பில் ஒன்றை மீண்டும் கவனிக்க ஆகும் நேரத்தை 20 பில்களுக்கு அவர் குறித்துப் பார்த்ததில், சராசரி 25 நிமிடம் என்று வந்தது. 37 பில்களுக்கு 925 நிமிடம், அதாவது மாதம் சுமார் 15 மணி நேரம். இத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அந்த 15 மணி நேரத்தை ஒருவரின் மணி நேரச் சம்பளத்தால் பெருக்கி, நிறுவனத்துக்கு இவ்வளவு பணம் மிச்சம் என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அந்த நேரத்துக்காக யாருடைய சம்பளமும் குறைக்கப்படவில்லை; பணம் எதுவும் உண்மையில் மிஞ்சவில்லை. நிதித் துறையில் இருப்பவர் அதைப் படித்த உடனே கண்டுபிடிப்பார். அதற்குப் பதிலாக, மிஞ்சிய நேரம் எங்கே போனது என்று சொல்லுங்கள். நம் கணக்காளருக்கு அந்த நேரம் மாத இறுதிக் கணக்கை ஏற்றுக்கொள்ள உதவியது. அதுவே அவருடைய இரண்டாவது சான்று.

மூத்த கணக்காளர் ஒருவர் மே மாதம் விலகிய பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களின் இறுதிக் கணக்கையும் இவரே முடித்திருக்கிறார். மூன்று மாதங்கள் மூன்றாவது வேலை நாளிலேயே முடிந்தன; ஆகஸ்ட் கணக்கு மட்டும், ஒரு வங்கி அறிக்கை தாமதமாக வந்ததால், ஐந்தாவது வேலை நாள்வரை இழுத்தது. இந்த ஆகஸ்ட் தாமதத்தை எழுத வேண்டுமா? எழுத வேண்டும், ஒரே வாக்கியத்தில். மேலாளருக்கு அது நினைவிருக்கும். நீங்கள் மறைத்ததாக அவர் உணர்ந்தால் பரிந்துரை எழுதும் கை தயங்கும்.

சான்று திரட்டும்போது ஓர் எச்சரிக்கை. சப்ளையர் பெயர்கள், தொகைகள், வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய கோப்புகளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். ‘என் சாதனைப் பட்டியலுக்காகத்தான்’ என்பது தகவல் பாதுகாப்பு விதியை மீறியதற்கு ஏற்கப்படும் விளக்கமாக இருக்காது. அலுவலகக் கணினியிலேயே ஓர் எக்செல் தாளில், தேதி, எண்ணிக்கை, அது எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும்.

மூன்றாம் படி: எவ்வளவு, எப்போது

பதவி உயர்வு கேட்பவர் தொகை குறிப்பிடுவதும் குறிப்பிடாததும் நிறுவனத்தைப் பொறுத்தது. பதவிக்கென நிர்ணயித்த சம்பள வரம்பு இருந்தால், ‘மூத்த கணக்காளருக்கான வரம்பில்’ என்று எழுதினாலே போதும். வரம்பு இல்லை என்றால் ஒரே எண்ணைச் சொல்லுங்கள். 10 முதல் 15 விழுக்காடு என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் 10 மட்டுமே படும். அந்த எண்ணுக்கு அடிப்படை, இதே பொறுப்புகளுக்கு, இதே அனுபவத்துக்கு, இதே வட்டாரத்தில் மற்றவர்கள் தருவது. வேலை விளம்பரங்களில் சம்பளத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் உள்ள இடங்களில் இதை அறிவது எளிது; அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் அப்படி ஒரு விதி நடைமுறையில் உள்ளது. மற்ற இடங்களில் ஒத்த வேலைக்கான விளம்பரங்கள் நான்கைந்தையாவது பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள். கேட்கும் விழுக்காடு மாதச் சம்பளத்தின் மீதா, போனஸ் உட்பட்ட ஆண்டு மொத்தத்தின் மீதா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்; இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டு கடைசியில் மனத்தாங்கலில் முடிவதுண்டு.

காலத்தைப் பொறுத்தவரை, அப்ரைசல் கூட்டம் நடக்கும் நாளில் கேட்பது பெரும்பாலும் தாமதமான கோரிக்கைதான். அந்தக் கூட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு என்ற பட்டியல் மேலே போய்விட்டிருக்கும். ‘அடுத்த ஆண்டுக்கான சம்பளப் பரிந்துரைகளை நீங்கள் எப்போது அனுப்ப வேண்டியிருக்கும்?’ என்று மேலாளரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்; அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு மின்னஞ்சல் போய்ச்சேர வேண்டும். அதற்கும் முன்னால், இதுபற்றி எழுதப்போகிறேன் என்று ஒரு வார்த்தை நேரில் சொல்லிவையுங்கள். முன்னறிவிப்பின்றி வரும் இத்தகைய மின்னஞ்சலைக் கண்டால், இவர் வேறு வேலை தேடிக்கொண்டார் போலும் என்றுதான் பல மேலாளர்கள் முதலில் நினைக்கிறார்கள்.

நான்காம் படி: மின்னஞ்சல்

கோரிக்கை முதல் பத்தியிலேயே வர வேண்டும். கைபேசியில் படிப்பவர் திரையைத் தள்ளாமலே, எதற்காக இந்தக் கடிதம் என்பதை அறிய வேண்டும். ஒவ்வொரு சான்றும் பதவி விவரத்தில் உள்ள ஒரு பொறுப்போடு தொடங்கட்டும். நம் கணக்காளரின் மின்னஞ்சல் இப்படி அமையலாம்.

> பொருள்: மூத்த கணக்காளர் பதவிக்குப் பரிசீலிக்கக் கோரிக்கை – ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான பணி விவரம்
>
> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். சென்ற வாரம் தங்களிடம் நேரில் தெரிவித்தபடி, வரும் சம்பளப் பரிந்துரையில் என்னை மூத்த கணக்காளர் பதவிக்குப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதவிக்கு நிறுவனம் வகுத்துள்ள மூன்று பொறுப்புகளையும் நான் இப்போதே செய்துவருகிறேன் என்பதற்கான விவரங்கள் கீழே உள்ளன.
>
> மாத இறுதிக் கணக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதக் கணக்குகளையும் நானே முடித்தேன். மூன்று மாதங்கள் மூன்றாவது வேலை நாளில் முடிந்தன. ஆகஸ்ட் மட்டும் வங்கி அறிக்கை தாமதமானதால் ஐந்தாவது நாளில் முடிந்தது. அதன்பின் அறிக்கையை இரண்டு நாள் முன்னதாகக் கேட்டுப் பெறும் வழக்கத்தைக் கொண்டுவந்துள்ளேன்.
>
> நடைமுறை மேம்பாடு: கொள்முதல் ஆணை எண் இல்லாத பில்களை வந்த அன்றே திருப்பி அனுப்பும் முறையை ஏப்ரலில் தொடங்கினேன். ஒப்புதலிலிருந்து திரும்பும் பில்கள் மாதம் சராசரி 92-லிருந்து (ஜனவரி–மார்ச்) 55 ஆக (ஏப்ரல்–மே) குறைந்தன. ஜூனில் புதிய மென்பொருள் வந்தபின் இது 38 ஆகியுள்ளது. மென்பொருளுக்கு முந்தைய குறைவை மட்டும் கணக்கிட்டால், மாதம் சுமார் 15 மணி நேர மறுவேலை தவிர்க்கப்படுகிறது. மாத இறுதிக் கணக்கை ஏற்க இந்த நேரமே உதவியது.
>
> பயிற்சி: ஜூலையில் சேர்ந்த இருவருக்கும் பயிற்சி அளித்தேன். இருவரும் ஆகஸ்ட் இறுதி முதல் பில்களைத் தனியாகக் கையாண்டுவருகின்றனர்.
>
> சம்பளத்தை மூத்த கணக்காளருக்கான வரம்பில், வரும் நிதியாண்டின் தொடக்கம் முதல் நிர்ணயிக்க வேண்டுகிறேன். பில் எண்ணிக்கைகள் யாவும் பில் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. மாதவாரியான ஒரு பக்கத் தாளை இணைத்துள்ளேன். இது குறித்துப் பேச அடுத்த வாரம் 20 நிமிடம் ஒதுக்க இயலுமா? செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகல் எனக்கு வசதி.
>
> நன்றியுடன்,

இதில் நன்றியுணர்வைப் பற்றிய நீண்ட முன்னுரை இல்லை. மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை. குழுவாகச் செய்த வேலையை நீங்கள் எழுத நேர்ந்தால், ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டு உங்கள் பங்கு எது என்பதை உடனே அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். முழுக்க ‘நாங்கள்’ என்றால் உங்களைப் பரிந்துரைக்க இடமில்லை, முழுக்க ‘நான்’ என்றால் குழுவில் உள்ளவர்களே மறுப்பார்கள். வேறு நிறுவனத்தின் அழைப்பு கையில் இருந்தாலும் இந்த மின்னஞ்சலில் அதை எழுதாதீர்கள். எழுதினால் சான்றுகளை யாரும் படிக்க மாட்டார்கள். உங்களை விடுவதா, வைத்துக்கொள்வதா என்பதே பேச்சாகிவிடும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பிரிவில் இல்லாத, நம்பகமான ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘இவர் என்ன கேட்கிறார், எதை வைத்துக் கேட்கிறார்’ என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் மேலிடத்திலும் தடுமாறுவார்கள்.

ஐந்தாம் படி: பதிலுக்குப் பின்

ஒரு வாரம் வரை பதில் வரவில்லை என்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழே, சந்திப்புக்கான நாளை மட்டும் கேட்டு இரண்டு வரி எழுதலாம். புதிய வாதம் எதையும் சேர்க்க வேண்டாம்.

‘வேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போது நிதி இல்லை’ என்பது அடிக்கடி வரும் பதில். இது உண்மையான தடையா, மென்மையான மறுப்பா என்பதை ஒரு கேள்வியில் அறியலாம்: நிதி இருந்திருந்தால் பரிந்துரைத்திருப்பீர்களா? ‘ஆம்’ என்றால், சம்பளத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு பதவிப் பெயரை இப்போதே மாற்ற முடியுமா என்றும், அடுத்த பரிசீலனை எந்த மாதம் என்றும் கேளுங்கள். மேலாளர் தயங்கினால் தடை நிதியில் இல்லை. எந்தப் பொறுப்பில் குறை காண்கிறார் என்பதைத்தான் கேட்டறிய வேண்டும்.

‘இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டும்’ என்ற பதில் வந்தால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எதைப் பார்த்தால் தயார் என்று சொல்வீர்கள் என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்: ‘இன்று பேசியபடி, ஆண்டு இறுதித் தணிக்கையின் கேள்விகளுக்கு நான் தனியாகப் பதிலளித்து முடித்தால், மார்ச் மாதத்தில் மீண்டும் பரிசீலிப்பதாகப் புரிந்துகொண்டேன், இதில் திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்.’ மேலாளர் மாறிப்போனாலும் அடுத்து வருபவரிடம் காட்ட இந்த வரிகள் இருக்கும். அந்த நிபந்தனை நிறைவேறிய பின்னும் புதிய நிபந்தனை ஒன்று முளைத்தால், அந்தப் பதவி உங்களுக்கு இங்கே கிடைப்பது கடினம் என்று எடுத்துக்கொண்டு, அதே சான்றுகளை வெளி விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தலாம். ரகசிய விவரங்களை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

சம்மதம் கிடைத்துவிட்டால், வாய்மொழியோடு விட்டுவிடாமல் புதிய பதவியின் பெயர், சம்பளம், நடைமுறைக்கு வரும் தேதி ஆகிய மூன்றும் உள்ள கடிதத்தை மனிதவளத் துறையிடமிருந்து கேட்டுப் பெறுங்கள். பதவி மட்டும் மாறி, சம்பளம் பல மாதம் கழித்து மாறும் நிலையில், இடைப்பட்ட மாதங்களுக்கான நிலுவை தரப்படுமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.